மூவாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவே

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வீட்டிலேயே ஊறுகாய் போட்டு, நான்கைந்து ஊர்க் கடைகளுக்குக் கொடுத்துவருபவர். பூண்டு ஊறுகாய்க்கு மூவாயிரம் லேபிள் வேண்டும் என்றார். எஸ்டிமேட் போட்டு 4,830 ரூபாய் என்று சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, ஆறாயிரமாக அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். 5,865 என்றேன்.

அவர் முகம் மாறியது. “அண்ணாச்சி, முதல் மூவாயிரத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு, அடுத்த மூவாயிரத்துக்கு ஆயிரம்தானா? அப்ப முதல்ல சொன்ன வெலையில ஏதோ இருக்கு.”

சிவகாசியில் எஸ்டிமேட் மேஜைக்கு முன்னால் உட்காருகிற பாதிப் பேருக்கு இந்தச் சந்தேகம் வரும். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருபவர்களுக்கும் வரும். நியாயமான சந்தேகம்தான். கத்தரிக்காய் ஒரு கிலோ நாற்பது என்றால் இரண்டு கிலோ எண்பது. அச்சில் மட்டும் ஏன் அப்படி இல்லை? அதை விளக்க, “வாங்கம்மா, ஒரு நிமிஷம் மெஷின்கிட்ட வந்து பாருங்க” என்று எழுந்து அவரைக் கூட்டிப்போனேன்.

அப்போது மெஷினில் வேறொரு வேலைக்குச் செட்டிங் நடந்துகொண்டிருந்தது. நான்கு கலர் ஆஃப்செட் மெஷினில் வரிசையாக நான்கு யூனிட் உண்டு. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுமினிய பிளேட். பழைய வேலையின் பிளேட்டைக் கழற்றி, பிளாங்கெட்டைத் துடைத்து, புதிய பிளேட்டை உருளையில் சுற்றி இறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. மை இருக்கும் இடத்தில் மை, வெறும் இடத்தில் தண்ணீர் என்று பிளேட்டில் இரண்டும் ஒன்றையொன்று விலக்கி நிற்க வேண்டும். தண்ணீர் கூடினால் நிறம் வெளுக்கும், குறைந்தால் வெள்ளைப் பகுதியில் அழுக்குப் படியும்.

மெஷின் ஆள் பத்துப் பதினைந்து தாளை ஓடவிட்டு, நிறுத்தி, ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். ஓரத்தில் நான்கு நிறத்திலும் ஒரு சிலுவைக் குறி இருக்கும். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் ஒரே கறுப்புச் சிலுவையாகத் தெரியும். அன்று மெஜந்தா மட்டும் ஒரு மயிரிழை விலகி, சிலுவைக்குப் பக்கத்தில் சிவப்பாக எட்டிப் பார்த்தது. அவர் அந்த அம்மாவின் கையில் கண்ணாடி வில்லையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு திருகைத் திருப்பி, இன்னும் இருபது தாள் ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். பக்கத்தில் தரையில் வீண் தாள் சேர்ந்திருந்தது.

“இதெல்லாம் யார் கணக்கு?” என்று கேட்டார் அம்மா.

“அந்த வேலைக்காரங்க கணக்கும்மா. இன்னும் ஒரு நல்ல தாள்கூட விழல. அவங்க நூறு கேட்டாலும் லட்சம் கேட்டாலும் இந்தக் குவியல் இதேதான்.”

இதைத்தான் செட்டிங் செலவு என்கிறோம். கணக்கியல் படித்தவர்கள் இந்த முறைக்கு பேட்ச் காஸ்டிங் என்று பெயர் சொல்வார்கள், தமிழில் தொகுதி அடக்கவிலை. ஒரே மாதிரியான பொருளை ஒரு தொகுதியாகச் செய்யும்போது, தனித்தனி லேபிளுக்குக் கணக்கு எழுத முடியாது. தொகுதி முழுவதற்கும் ஒரே சீட்டு போட்டு, ஆன செலவையெல்லாம் அதில் ஏற்றி, கடைசியில் நல்ல லேபிள்களின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். வழி எளியதுதான். எந்தச் செலவு எதைப் பார்த்து ஏறுகிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் சூட்சுமம்.

அவருடைய லேபிளையே எடுத்துக்கொள்வோம். எட்டு அங்குல நீளம், மூன்றேகால் அங்குல உயரம், பாட்டிலைச் சுற்றி ஒட்டுவது. 18க்கு 23 அங்குல டெம்மித் தாளில் பன்னிரண்டு லேபிள் உட்காரும். 90 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர். ஐந்நூறு தாள் கொண்ட ஒரு ரீம் ஏறத்தாழ 12 கிலோ நிற்கும். விலைகள் அச்சகத்துக்கு அச்சகம், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால், கணக்குப் புரிவதற்காகச் சுற்று எண்களாக வைத்துக்கொள்கிறேன். பேப்பர் கிலோ 100 ரூபாய் என்றால் ரீம் 1,200, தாள் ஒன்று 2 ரூபாய் 40 காசு.

முதலில் செட்டிங். நான்கு பிளேட் 1,200 ரூபாய். மெஷின் ஒரு மணி நேரத்துக்கு, கூலி, கரன்ட், தேய்மானம் எல்லாம் சேர்த்து 1,500 என்று வைத்தால், செட்டிங்குக்கு ஒரு மணி நேரம், 1,500. செட்டிங்கில் வீணாகும் தாள் 150, அதற்கு 360. புரூஃப் எடுக்கவும் கட்டிங் மெஷினில் அளவு வைக்கவும் 240. மொத்தம் 3,300. முதல் லேபிள் வெட்டி விழுவதற்கு முன்பே ஆகிவிட்ட செலவு இது.

அடுத்து ஓட்டச் செலவு. ஓடும்போதும் நூற்றுக்கு நான்கு தாள் வீணாகும் என்று கொண்டால் நல்ல தாள் ஒன்றுக்குப் பேப்பர் செலவு இரண்டரை ரூபாய். மணிக்கு ஐயாயிரம் தாள் ஓட்டினால் மெஷின் செலவு தாளுக்கு 30 காசு, மை 25 காசு, வெட்டி எண்ணிக் கட்டுவதற்கு 55 காசு. ஆக ஒரு தாளுக்கு 3 ரூபாய் 60 காசு. அதில் பன்னிரண்டு லேபிள் இருப்பதால் லேபிளுக்கு 30 காசு.

இரண்டு எண்கள்தான், 3,300 ரூபாயும் 30 காசும். அம்மாவின் கேள்விக்கான பதில் இவற்றில் முழுவதும் இருக்கிறது. மூவாயிரம் லேபிள் என்றால் 3,300 செட்டிங், 900 ஓட்டம், மொத்தம் 4,200. ஆறாயிரம் என்றால் அதே 3,300, ஓட்டம் 1,800, மொத்தம் 5,100. நாங்கள் சொன்ன விலை இவற்றின்மேல் நூற்றுக்குப் பதினைந்து லாபம் வைத்தது. ஜிஎஸ்டி தனி. ஒரு லேபிளின் அடக்கவிலை முதலாவதில் 1 ரூபாய் 40 காசு, இரண்டாவதில் 85 காசு. பன்னிரண்டாயிரம் அடித்தால் ஐம்பத்தேழரைக் காசுக்கு வரும். முப்பத்தாறாயிரம் அடித்தால் 39 காசு. எத்தனை லட்சம் அடித்தாலும் 30 காசுக்குக் கீழே போகாது. முதலில் மலைச்சரிவு மாதிரி இறங்கி, போகப்போகத் தட்டையாகிவிடும். மூவாயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்குப் போவதில் 55 காசு குறைகிறது. முப்பத்தாறாயிரத்திலிருந்து அறுபதாயிரத்துக்குப் போனால் நான்கு காசுகூடக் குறையாது.

டிசைன் போட்ட செலவு இதில் இல்லை. டிசைன் ஒரு முறை செய்தால் போதும். அது அந்த ஊறுகாய்க்கான செலவே தவிர, இந்தத் தொகுதிக்கான செலவு அல்ல. சில எஸ்டிமேட்டுகளில் இரண்டாம் முறை அடிக்கும்போதும் டிசைன் தொகை உள்ளே ஒளிந்திருக்கும். வாடிக்கையாளர் கேட்டு வாங்க வேண்டிய விவரம் அது. பிளேட் வேறு கதை. பழைய பிளேட்டைக் கோந்து பூசிப் பத்திரப்படுத்தி மறுபடி மாட்ட முடியும், ஆனால் கீறலும் அரிப்பும் விழுந்து தொந்தரவு தரும் என்பதால் பெரும்பாலும் புதிதாகவே எடுத்துவிடுவோம். ஆகவே பிளேட் ஒவ்வொரு தொகுதிக்கும் வரும் செலவு.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மாவிடம் வேறொன்று கேட்டேன். பூண்டு மட்டும்தான் போடுகிறீர்களா? இல்லையாம். மாங்காய்தான் அதிகம் போகிறது, வருடத்துக்குப் பதினெட்டாயிரம் பாட்டில். எலுமிச்சை பன்னிரண்டாயிரம். பூண்டு ஆறாயிரம். மூன்றுக்கும் லேபிள் அளவு ஒன்றே. ஒவ்வொன்றையும் தீரத்தீர, தனித்தனியாக அடித்துவந்திருக்கிறார்.

ஒவ்வொன்றையும் வருடத்துக்கு ஒரே தடவை அடித்தால்கூட மூன்று செட்டிங் வரும். மாங்காய் 8,700, எலுமிச்சை 6,900, பூண்டு 5,100, மொத்தம் 20,700 ரூபாய். ஆனால் தாளில் பன்னிரண்டு இடம் இருக்கிறதே! மாங்காய்க்கு ஆறு, எலுமிச்சைக்கு நான்கு, பூண்டுக்கு இரண்டு என்று ஒரே பிளேட்டில் மூன்றையும் வைத்து மூவாயிரம் தாள் ஓட்டினால், அவருக்கு வேண்டிய அதே எண்ணிக்கை கிடைக்கும். செட்டிங் ஒன்றுதான். மொத்தச் செலவு 14,100. தனியாக அடித்தால் 85 காசு ஆகும் பூண்டு லேபிளும் இப்போது 39 காசு. சிவகாசியின் அச்சுத்தொழிலே லேபிளில் பிறந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே தொடங்கினார்கள். அந்தத் தீப்பெட்டிகளுக்கும் பிறகு பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதில்தான் அச்சகங்கள் பெருகின. சின்ன லேபிள்களைத் தாளில் நெருக்கி அடுக்குவது இந்த ஊருக்குக் கைவந்த வேலை.

கலந்து அடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு, அதைத் தெரியாமல் செய்தால் தாளே வீண். மையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் மெஷினின் அகலவாக்கில் வரிசையாக இருக்கும். ஒரு திருகைத் திறந்தால், தாள் ஓடும் திசையில் அந்தப் பட்டை முழுவதிலும் மை கூடும். மாங்காய் லேபிளுக்குச் சிவப்புத் தூக்கலாக வேண்டும், எலுமிச்சைக்கு வேண்டாம். இரண்டும் ஒரே பட்டையில் முன்பின்னாக உட்கார்ந்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது கெடும். அதனால் அகலவாக்கில் ஆறு பட்டை பிரித்து, முதல் மூன்றில் மாங்காய், அடுத்த இரண்டில் எலுமிச்சை, கடைசியில் பூண்டு என்று வைக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு லேபிள். அப்போது ஒவ்வொரு ரகத்தின் நிறத்தையும் தனியாகத் திருத்த முடியும். பன்னிரண்டையும் இடம் கிடைத்த இடத்தில் சொருகினால் இந்த வசதி போய்விடும்.

இன்னொரு எல்லையும் உண்டு. எண்ணிக்கை பூட்டிக்கொள்ளும். அடுத்த வருடம் பூண்டு சரியாகப் போகாமல் இரண்டாயிரம் லேபிள் மிஞ்சினால்? மிஞ்சட்டும் என்பதுதான் என் பதில். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மிஞ்சிய லேபிளுக்கு 85 காசு என்றோ 1 ரூபாய் 40 காசு என்றோ கணக்குப் பார்த்து வருந்துகிறார்கள். செட்டிங் செலவு எப்படியும் ஆகியிருக்கும். கூடுதலாக அடித்ததால் கூடியது லேபிளுக்கு 30 காசு மட்டுமே. இரண்டாயிரத்துக்கு அறுநூறு ரூபாய். இரண்டு செட்டிங்கை மிச்சம் பிடித்ததில் வந்தது 6,600.

அப்படியானால் இரண்டு வருடத்துக்கும் சேர்த்தே அடித்துவிடலாமே என்று தோன்றும். எவ்வளவு அடிப்பது சிக்கனம் என்று கண்டுபிடிக்கப் பாடப்புத்தகத்தில் ஒரு வாய்பாடு இருக்கிறது. வருடத் தேவையையும் ஒரு செட்டிங் செலவையும் பெருக்கி, இரட்டித்து, ஒரு லேபிளை ஒரு வருடம் வைத்திருக்க ஆகும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வைத்திருக்கும் செலவு என்று 30 காசுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி மட்டும் போட்டால் விடை ஏறத்தாழ 81,000 லேபிள் வருகிறது. இரண்டேகால் வருடத்துத் தேவை! வாய்பாடு தப்பு இல்லை. முப்பது காசுத் தாளுக்கு வட்டி அவ்வளவு அற்பம் என்பதைத்தான் அது சொல்கிறது. ஆனால் லேபிளில் எழுதியிருப்பது மாறும் என்பது அந்த வாய்பாட்டுக்குத் தெரியாது. அலமாரியில் தாள் ஈரம் குடித்துச் சுருளும் என்பதும் தெரியாது.

முகவரி மாறும், பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மாறும், எடை மாறும். விலையோ சொல்லவே வேண்டாம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் குறைந்தபோது, பழைய விலை அச்சான உறைகளை மூட்டைக் கணக்கில் வைத்திருந்தவர்கள் ஸ்டிக்கர் ஒட்டி மாள வேண்டியிருந்தது. ஆகவே விலை, தயாரித்த தேதி, பேட்ச் எண் மூன்றுக்கும் லேபிளில் வெறும் கட்டம் விட்டுவிடச் சொன்னேன். பாட்டிலில் ஒட்டிய பிறகு முத்திரையாகக் குத்திக்கொள்ளலாம்.

மீதி மாற்றங்களுக்குத்தான் கணக்கு. வருடத்துக்கு ஒரே தடவை முப்பத்தாறாயிரம் அடித்தால் 14,100. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பதினெட்டாயிரம் என்று இரண்டு தடவை அடித்தால் 17,400. எதுவும் மாறாவிட்டால் ஒரே தடவை அடிப்பதில் 3,300 மிச்சம், அதில் வட்டிக்காக ஒரு முந்நூறு ரூபாய் கழித்துக்கொள்ளலாம். சரியாக ஆறாம் மாதம் முகவரி மாறிவிட்டால் பதினெட்டாயிரம் லேபிள் குப்பைக்குப் போகும், 5,400 நட்டம். மாறாவிட்டால் கிடைப்பதும் மாறினால் போவதும் இவ்வளவுதான். அவர் யோசித்துவிட்டு, “வீட்ட ஒட்டி ஒரு ஷெட்டு போடலாம்னு இருக்கேன், இடம் மாறாது, லைசென்ஸு போன மாசம்தான் புதுப்பிச்சேன்” என்றார். அவர் நிலைமையில் ஒரு வருடத்துக்கு அடிப்பது சரி. வாடகை இடத்தில் இருந்து, மாறலாமா என்று யோசிக்கிற ஒருவர் வந்திருந்தால் ஆறு மாதத்துக்குமேல் அடிக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்கள் பக்கத்து அபாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சின்ன ஆர்டர்களுக்கு அச்சகங்கள் ஏன் முகம் சுளிக்கின்றன என்பது அதில் விளங்கும். செட்டிங் ஒரு மணி நேரம் என்று எஸ்டிமேட்டில் எழுதுகிறோம். ஒரு நாள் தண்ணீரும் மையும் ஒத்துக்கொள்ளாமல் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிவிடும். கூடுதல் நாற்பது நிமிடத்துக்கு ஆயிரம் ரூபாய். ஆறாயிரம் லேபிள் வேலையில் எங்கள் லாபமே 765 தான். அந்த வேலை நட்டம். முப்பத்தாறாயிரம் லேபிள் வேலையில் லாபம் 2,115, அது ஆயிரம் ரூபாயைத் தாங்கும். நட்டம் வந்ததே பல அச்சகங்களுக்குத் தெரிவதில்லை. காரணம், ஜாப் கார்டில் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்று இரண்டே குறிப்புதான் எழுதுவார்கள். நடுவில் முதல் நல்ல தாள் எப்போது விழுந்தது என்பதையும் எழுதினால்தான் செட்டிங் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு என்று பிரியும். ஆறு மாத ஜாப் கார்டுகளை எடுத்து இந்த மூன்று நேரங்களைக் கூட்டிப் பார்த்தபோது, நாங்கள் ஒரு மணி என்று நம்பிக்கொண்டிருந்த செட்டிங் சராசரியில் அதற்கும் மேலே இருந்தது. அன்றிலிருந்து எஸ்டிமேட் போடும் முறையையே மாற்றினோம்.

இன்னொரு பிழை, வகுக்கும் எண்ணில் வரும். மெஷின் கவுண்டர் காட்டும் எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது, எண்ணிக் கட்டிய நல்ல லேபிளால் வகுக்க வேண்டும். ஆறாயிரம் அடித்து, பாதியில் ரெஜிஸ்டர் நகர்ந்து அறுநூறு கழிந்தால், 5,100 ரூபாயை 5,400 ஆல் வகுக்க வேண்டும். 85 காசு 94 காசாகிவிடும். வழக்கமான விரயம், அதாவது அந்த நூற்றுக்கு நான்கு, வேலையின் விலையில் சேரலாம். கவனக்குறைவில் போன அறுநூறை அச்சகம் தன் நட்டக் கணக்கில்தான் எழுத வேண்டும். அதை இந்த ஊறுகாயின் அடக்கவிலையில் ஏற்றி, அடுத்த எஸ்டிமேட்டையும் அதை வைத்துப் போட்டால், எங்கள் தவறுக்கு அவர் இரண்டு முறை காசு கொடுத்தது போலாகும்.

கிளம்பும்போது அந்த அம்மா பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். நார்த்தங்காய் ஊறுகாய். புதிதாகப் போட்டுப் பார்க்கிறாராம், போகுமா போகாதா தெரியாது, ஆயிரம் லேபிள் இருந்தால் போதும் என்றார். ஆஃப்செட்டில் ஆயிரம் அடித்தால் 3,300உம் 300உம் சேர்ந்து 3,600. டிஜிட்டல் மெஷினில் பிளேட் இல்லை, செட்டிங் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் தாளுக்குத் தாள் விலை அதிகம். சின்னத் தாளில் ஆறு லேபிள், வெட்டுக்கூலி சேர்த்துத் தாள் 9 ரூபாய் என்றால் லேபிள் ஒன்றரை ரூபாய். ஆயிரத்துக்கு 1,500. இந்த விலைகளில் 2,750 லேபிள்வரை டிஜிட்டல்தான் மலிவு, அதற்கு மேலே ஆஃப்செட். எங்களிடம் டிஜிட்டல் மெஷின் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடையின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மூன்று ரக லேபிளுக்கு முன்பணம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டவர், “நார்த்தங்கா நல்லாப் போச்சுன்னா அடுத்த வருஷம் அந்தத் தாள்ல அதுக்கும் ரெண்டு எடம் ஒதுக்கிருங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார்.